லீஷ் போன பிறகும் இருக்கும் லீஷ்

படங்களைத் திருத்திக் கொடுக்கும் ரீடச்சிங் வேலையில் இருக்கும் எனக்கு, நாய்ப் படம் ஒன்று வரும். கூடவே ஒரு வரி வரும்: "அந்தக் கயிறை மட்டும் எடுத்துடுங்க, போதும்." இந்த "மட்டும்" என்கிற சொல்லோடு எனக்குப் பல வருடப் பகை.

கயிறை எடுப்பது உண்மையிலேயே சின்ன வேலைதான். பத்து நிமிடம் போதும். ஆனால் நாயைப் பிடிக்கும் அந்தக் கயிறு, லீஷ், நாயின் மேல் கிடக்கும்போது அது வெறுமனே கிடப்பதில்லை. முடியை அமுக்குகிறது, பக்கத்து முடியைக் கிளப்பிவிடுகிறது, தன் நிழலை விழவைக்கிறது, சிவப்பு லீஷாக இருந்தால் பக்கத்து வெள்ளை முடியில் இளஞ்சிவப்பைப் பூசுகிறது. கழுத்துப்பட்டையின் வளையத்தை ஒரு பக்கமாக இழுத்து நிறுத்துகிறது. லீஷை மட்டும் அழித்தால் இவை எல்லாம் அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் இங்கே ஏதோ இருந்தது என்று தெரிந்துவிடும்.

நான் இதைக் கற்றது அவமானப்பட்டுத்தான். ரீடச்சிங் வேலைக்கு வந்த புதிதில், புல்வெளியில் நிற்கும் ஒரு நாயின் லீஷை அழித்துக் கொடுத்தேன். மார்பு முடி, பின்னணி எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து படத்தின் சொந்தக்காரர் கேட்டார்: "தரையில் ஏன் பாம்பு மாதிரி ஒரு கோடு போகிறது?" லீஷின் நிழல். நாயின் நிழலிலிருந்து கிளம்பி, புல்லின் மேல் வளைந்து, படத்தின் ஓரம் வரை போயிருந்தது. லீஷையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்தப் படத்தையும் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா பார்ப்பேன். லீஷைப் பார்க்க மாட்டேன், லீஷ் எதையெல்லாம் மாற்றி வைத்திருக்கிறது என்று பார்ப்பேன்.

போன மாதம் செய்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். நீண்ட முடி உள்ள, தேன் நிற நாய். மார்பில் மட்டும் வெளிர் முடி. உட்கார்ந்தபடி கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கிறது. படம் 6000 க்கு 4000 பிக்சல். சிவப்பு நைலான் லீஷ், கழுத்துப்பட்டையின் வளையத்திலிருந்து இறங்கி, மார்பைக் குறுக்காகக் கடந்து, நமக்கு வலப்பக்கம் உடலை விட்டு வெளியேறி, மங்கலான பச்சைப் பின்னணி மேல் ஓடி, ஓரத்தில் மறைகிறது. மார்பில் அதன் அகலம் ஏறத்தாழ 70 பிக்சல். ஆனால் அது கலைத்து வைத்திருந்த முடியின் அகலம் 200 பிக்சலுக்கு மேல் இருந்தது. உண்மையான வேலையின் அளவு அந்த 200தான்.

கழுத்துப்பட்டையை எடுக்கவா வைக்கவா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். நான் எப்போதும் வைக்கவே சொல்வேன். கழுத்துப்பட்டை கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம் போட்டிருக்கும், கழுத்தின் வெளிக்கோடே அங்கே உள்வாங்கியிருக்கும். அதை எடுத்தால் கழுத்தையே புதிதாகக் கட்ட வேண்டும். தவிர, கழுத்துப்பட்டையோடு ஒரு நாய் நிற்பதில் யாருக்கும் உறுத்தல் கிடையாது. இந்தப் படத்தின் சொந்தக்காரரும் சரி என்றார்.

ஃபோட்டோஷாப்பில் படத்தின் மேல் கண்ணாடித் தாள்கள் மாதிரி லேயர்களை அடுக்கலாம், அசல் லேயரில் நான் கை வைப்பதில்லை. மேலே ஒரு காலி லேயர் போட்டு, ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்பின் Sample பட்டியலில் `Current & Below` தேர்ந்தெடுத்துக்கொள்வேன். கீழிருந்து எடுக்கும், மேலே வைக்கும். பிடிக்காததை அழித்தால் கீழே அசல் பத்திரமாக இருக்கும். பின்னணிக்கு ஒன்று, முடியின் அடித்தளத்துக்கு ஒன்று, கற்றைகளுக்கு ஒன்று, தனி முடிகளுக்கு ஒன்று என்று லேயர்களைப் பிரித்துவைப்பேன். ஒரே லேயரில் எல்லாம் செய்தவர்கள் மூன்றாவது மணி நேரத்தில் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

அப்புறம், இன்னொரு லேயரில் அம்புக்குறி போடுவேன். இது பலருக்கு வேடிக்கையாக இருக்கும். நாயின் முடி எல்லா இடத்திலும் ஒரே பக்கம் படுத்திருப்பதில்லை. மூக்கிலிருந்து நெற்றி வழியாகப் பின்னால் போகும், கழுத்தில் கீழும் பின்னுமாகச் சாயும், காலில் நேராக இறங்கும். மார்பில் இரண்டு பக்கத்து முடியும் சந்திக்கும் இடத்தில் பல நாய்களுக்கு ஒரு சுழி இருக்கும். நம் உச்சந்தலைச் சுழி மாதிரிதான். நம்ம படத்தில் லீஷ் அந்தச் சுழியின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிருந்தது. லீஷுக்கு இடப்பக்க முடி மணிக்காட்டியின் 6 பக்கம் இறங்குகிறது, வலப்பக்க முடி 5 பக்கம் சாய்கிறது, சுழிக்கு அருகே 4, 3 என்று திரும்பிவிடுகிறது. பளிச்சென்ற நீலத்தில் இந்தத் திசைகளை அம்புகளாகப் போட்டேன், லீஷின் மேலேயும் சேர்த்து. அடியில் முடி எப்படி ஓடியிருக்க வேண்டும் என்று இரண்டு கரையையும் பார்த்து ஊகித்து வரைவதுதான் அது. இந்த அம்புகளில் தப்பினால் பின்னால் வரும் எந்தத் திறமையும் காப்பாற்றாது.

இங்கே `Content-Aware Fill` பற்றி ஒரு வார்த்தை. 2010-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்5 உடன் வந்தபோது, இனி இந்த வேலைக்கே ஆள் வேண்டாம் என்றார்கள். மங்கலான பின்னணிக்கு அது தங்கம். முடிக்கு அப்படி இல்லை. படத்தில் பொருத்தமான துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டுவதுதான் அதன் வேலை. நிறமும் வெளிச்சமும் பொருந்தினால் அதற்குப் போதும், முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. அதனால் மார்பின் நடுவில் தோள்பட்டை முடி வந்து குறுக்கே படுத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சரி போலத் தெரியும். அருகே போனால் பழைய தழும்பின் மேல் முடி முளைத்த மாதிரி இருக்கும்.

பின்னணியில் ஓடிய பகுதிக்கு அதையே பயன்படுத்தினேன், அதுவும் உடலிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி நின்று. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னணிக்குப் போன லீஷ் கேமராவை நோக்கி வந்து ஃபோகஸ் இழந்திருந்தது. மங்கலான பட்டைக்கு ஓரம் என்பதே இல்லை. அதன் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கண்ணுக்குத் தெரிவதைவிட ரொம்ப தூரம் பரவியிருக்கும். தெரிகிற ஓரத்தை ஒட்டித் தேர்வு செய்தால், லீஷ் போன பிறகு இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புப் புகை மாதிரி இரண்டு கோடு மிஞ்சும். தேர்வை இரண்டு மடங்கு அகலமாக எடுத்தேன். எங்கிருந்து எடுக்கலாம் என்று காட்டும் பச்சைப் பூச்சிலிருந்து நாயின் உடலை முழுக்க அழித்துவிட்டேன். இல்லாவிட்டால் புல்லுக்கு நடுவே ஒரு காது முளைத்துவிடும்.

இந்த வேலையின் மிகக் கடினமான சில பிக்சல்கள், லீஷ் உடலை விட்டு வெளியேறும் இடத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் முடி, இன்னொரு பக்கம் பச்சை, நடுவில் சிவப்பு. இங்கே ஹீலிங் பிரஷை எடுத்தால் கெட்டுவிடும். அது எடுத்த இடத்தின் நெசவை மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. இந்த இடத்தில் சுற்றுப்புறம் என்பது பாதி தேன், பாதி பச்சை. இரண்டையும் கலந்து ஒரு அழுக்குத் தேய்ப்பு வந்து நிற்கும். எனவே விளிம்பில் குளோன் மட்டும்தான். வரிசையும் முக்கியம், தூரத்தில் இருப்பது முதலில். பச்சையை விளிம்பையும் தாண்டி உடலுக்குள் கொஞ்சம் வரும்படி நிரப்பினேன். அதன் மேல் இன்னொரு லேயரில் முடியை உள்ளிருந்து வெளியே வளர்த்தேன். இயற்கையில் அப்படித்தானே, பின்னால் புல், அதன் முன்னால் முடி. தலைகீழாகச் செய்தவர்களின் படத்தில் நாயின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும்.

இப்போது மார்பு. முதலில் அடித்தளம். முடி என்றாலே இழைகள் என்று நினைத்துக்கொண்டு நேராக இழை வரையப் போகக் கூடாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் முடி தெரியாது, மேடு பள்ளம்தான் தெரியும். கழுத்தின் கீழே ஒரு நிழல், மார்பெலும்பு மேட்டில் ஒரு வெளிச்சம், காலுக்கு நடுவே மறுபடி இருட்டு. லீஷ் இந்த வெளிச்ச ஓட்டத்தைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. மென்மையான பெரிய பிரஷால், இரண்டு கரையிலிருந்தும் நிறத்தை எடுத்து எடுத்து, அந்த ஓட்டத்தை மட்டும் முதலில் இணைத்தேன். இந்தக் கட்டத்தில் அது மெழுகு பூசின மாதிரி அசிங்கமாக இருக்கும். ஆனால் தூரத்தில் நின்று பார்த்தால் லீஷ் ஏற்கெனவே போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் மேலே எத்தனை முடி வைத்தாலும் போகாது.

அடுத்தது கற்றைகள். நீண்ட முடி ஒவ்வொன்றாக விழுவதில்லை, பத்து இருபது சேர்ந்து கொத்தாக விழும். கொத்தின் வேர்ப்பக்கம் இருட்டு, நுனிப்பக்கம் வெளிச்சம். ஒரு கொத்தின் நுனி, கீழே உள்ள கொத்தின் வேரை மூடியிருக்கும். கூரை வேய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே இறவாணத்திலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போவார்கள், மேல் வரிசை கீழ் வரிசையின் தலையை மூடும். முடியும் அப்படித்தான். நான் ரொம்ப நாள் மேலிருந்து கீழே குளோன் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு புதுக் கொத்தின் இருண்ட வேரும் முந்தைய கொத்தின் வெளிச்ச நுனியை வெட்டிக்கொண்டே வந்தது, ஏன் என்று தெரியாமல் திணறினேன். கீழிருந்து மேலே போக ஆரம்பித்த நாளில் வேலை பாதியாகக் குறைந்தது.

எடுக்கும் இடம் முக்கியம். பக்கத்து முடியை எடுத்து அப்படியே வைத்தால் ஒரே கொத்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை வரும், கண் அதை உடனே பிடிக்கும். ரொம்ப தூரத்திலிருந்து எடுத்தால் கூர்மை மாறும். நம்ம படத்தில் ஃபோகஸ் கண்ணில் இருக்கிறது. மார்பு அதைவிடக் கொஞ்சம் பின்வாங்கி இருப்பதால் சற்று மென்மை. கன்னத்து முடியை எடுத்து மார்பில் வைத்தால் அந்த இடம் மட்டும் ஊசி மாதிரி குத்தும். அதனால் கேமராவிலிருந்து மார்பின் அதே தூரத்தில் இருக்கும் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, மாற்றி மாற்றி எடுத்தேன்.

திசை பொருந்தாத இடத்தில் `Clone Source` பலகையில் கோணத்தைத் திருப்பலாம். 6 பக்கம் இறங்கும் முடியை 5 பக்கம் சாய்க்க 30 டிகிரி. இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. முடியைத் திருப்பும்போது அதன் மேல் விழுந்த வெளிச்சமும் கூடவே திரும்புகிறது. 30 டிகிரி வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். 60, 70 என்று போனால் சூரியன் இடப்பக்கம் இருக்க, அந்தக் கொத்து மட்டும் கீழேயிருந்து வெளிச்சம் வாங்கும். சுழிக்கு அருகில் எனக்கு இதுதான் சிக்கல். 3 பக்கம் படுத்த முடி மார்பில் வேறு எங்கும் இல்லை. கடைசியில் சுழியின் எஞ்சிய பாதியிலிருந்தே சின்னச் சின்னத் துண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து டிகிரி மட்டும் திருப்பி, வெளிச்சத்தைக் கையால் சரிசெய்து ஒப்பேற்றினேன். ஒரு பெருவிரல் அளவு இடத்துக்கு நாற்பது நிமிடம்.

பிரஷின் கடினம் 50, 60 சதவீதத்தில் வைக்கிறேன். முழு மென்மை என்றால் ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று கரைந்து, கஞ்சி மாதிரி ஆகிவிடும். முழுக் கடினம் என்றால் வெட்டுத் தெரியும். அளவு ஒரு கொத்தின் அகலம், இங்கே 40 பிக்சல். ஒவ்வொரு இழுப்பும் முடி படுத்த திசையில், குட்டையாக. முடிக்குக் குறுக்கே ஒரு தடவை இழுத்தாலும் அது தெரியும்.

தனி முடி கடைசியில்தான். 2 பிக்சல் பிரஷ், பேனாவின் அழுத்தத்துக்கு ஏற்ப மெலியும்படி. பக்கத்திலிருந்தே நிறம் எடுத்து, நான்கைந்து முடிக்கு ஒருமுறை மாற்றி, வெளிர் மட்டும் இல்லாமல் இருண்டதும் சேர்த்து. இவற்றின் வேலை அலங்காரம் கிடையாது. பழைய முடிக்கும் புதிய முடிக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் அதை மறைப்பதுதான். எல்லைக்கு வெளியே தொடங்கி உள்ளே முடிய வேண்டும், அல்லது மாறாக. மொத்தமே ஐம்பதுக்குள் நிறுத்திக்கொண்டேன். ஆசைப்பட்டு இருநூறு போட்டால் சேமியா கொட்டின மாதிரி ஆகிவிடும். வரைந்த முடி எப்போதும் கேமரா எடுத்ததைவிடக் கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கும். அதனால் அந்த லேயருக்கு 0.5 பிக்சல் `Gaussian Blur`, அப்புறம் படத்தின் இரைச்சலுக்குச் சமமாகக் கொஞ்சம் `Add Noise`. இதைச் செய்யாமல் விட்டால் திரையில் தெரியாது, பெரிதாக அச்சடித்தால் அந்தப் பட்டை மட்டும் வழுவழுவென்று நிற்கும்.

இனி லீஷ் விட்டுப்போன மிச்சங்கள். நிழல் லீஷின் வலப்பக்கம் ஒரு கருங்கோடாக விழுந்திருந்தது. இதைக் குளோன் செய்து மூடுவது வீண். நிழலுக்கு அடியில் உண்மையான முடி இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். `Curves` லேயர் ஒன்றைப் போட்டு வெளிச்சத்தைத் தூக்கி, அது எங்கே வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, நிழல் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையால் மெதுவாகத் தடவினேன். நிழலின் விளிம்பு லீஷுக்கு அருகில் கூர்மையாகவும், முடி உள்வாங்கும் இடத்தில் தளர்வாகவும் இருந்தது. பிரஷும் அதைப் பின்தொடர வேண்டும். வெயிலில் எடுத்த படத்தில் நிழலுக்கு வானத்து வெளிச்சம் மட்டும் கிடைப்பதால் கொஞ்சம் நீலம் ஓடும். வெளிச்சத்தை மட்டும் தூக்கினால் தேன் நிற நாயில் ஒரு சாம்பல் நீலக் கோடு வரும். அதே `Curves`-இல் நீல அலைவரிசையைச் சற்று இறக்கிவிட்டேன்.

சிவப்பு ஒட்டிய வெளிர் முடிக்கு, `Color` முறையில் ஒரு காலி லேயர். சுத்தமான பக்கத்திலிருந்து நிறத்தை எடுத்து, 20 சதவீத அழுத்தத்தில் இரண்டு மூன்று முறை தடவினால் சிவப்பு வடியும். முடியின் வெளிச்சமும் இருட்டும் மாறாது, நிறம் மட்டும் மாறும். இதை முடி கட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், ஒவ்வொரு முறையும் மறக்கிறேன். முன்பே செய்யாவிட்டால் குளோன் செய்யும்போது அந்த இளஞ்சிவப்பு முடியையும் சேர்த்து நடுவுக்கு இழுத்து வந்துவிடுவோம்.

அமுங்கலும் மேடும் அடுத்து. லீஷுக்கு மேலே முடி தேங்கி ஒரு வரம்பு மாதிரி நின்றிருந்தது. கீழே தட்டையாகப் படுத்திருந்தது. நாயின் மார்புக்குக் குறுக்கே அந்த வரம்பு ஒரு கோடாக ஓடினால், பட்டை போனாலும் பட்டையின் உருவம் போகவில்லை என்று அர்த்தம். முதல் முறை நான் பார்த்தபோது அது இருந்தது. வரம்பின் உச்சி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன், இரண்டு மூன்று இடத்தில் வரம்பையே உடைத்து மேல் முடியைக் கீழே வழியவிட்டேன். முழுக்க அழிக்கவில்லை. முடி இயல்பாகவே அங்கங்கே கலைந்திருக்கும். ஒரு நேர்கோட்டில் கலைந்திருப்பதுதான் சந்தேகம் கிளப்பும்.

வளையத்தைக் கடைசியாகத்தான் கவனித்தேன். லீஷ் இருந்தவரை அதன் கொக்கி வளையத்தை வலப்பக்கம் இழுத்து வைத்திருந்தது. லீஷும் கொக்கியும் போன பிறகு வளையம் காற்றில் மூன்று மணி முள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எதுவும் இழுக்காத வளையம் தொங்கத்தானே வேண்டும்? வெட்டி எடுத்து, கீழே தொங்கும்படி திருப்பி, அதன் பளபளப்பை இடப்பக்கச் சூரியனுக்கு ஏற்ப மாற்றி வரைந்து, முடியின் மேல் மெல்லிய நிழல் ஒன்று கொடுத்தேன். கழுத்துப்பட்டையும் இழுப்பில் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. அதை `Liquify`-இல் பத்து பிக்சல் இறக்கினேன். இந்த வளையத்தை மறந்துவிட்ட படங்களை விளம்பரங்களில்கூடப் பார்க்கிறேன். ஒரு தடவை தெரிந்துகொண்டால் பிறகு கண் வேறெங்கும் போகாது.

குழந்தைகளின் ஹார்னஸும் இதே கதைதான், முடிக்குப் பதில் துணி. நடக்கப் பழகிய குழந்தை ஓடிவிடாமல் தோளிலும் மார்பிலும் மாட்டி, பின்னால் ஒரு வாரைப் பெரியவர்கள் பிடித்திருப்பார்கள். துணி ஒரு விதத்தில் முடியைவிட எளிது, கோடு போட்ட சட்டை என்றால் கோடு எங்கே போக வேண்டும் என்று அதுவே சொல்லும். இன்னொரு விதத்தில் கொடுமை. முடி ஒரு கொத்து தப்பாகப் படுத்தால் யாரும் எண்ண மாட்டார்கள். கோடு 3 பிக்சல் விலகினால் எல்லோருக்கும் தெரியும்.

கோட்டுச் சட்டைக்கு குளோன் ஸ்டாம்பை நான் எடுப்பதே இல்லை. சட்டையில் பட்டை படாத ஒரு துண்டை அகலமாக வெட்டி, புது லேயரில் வைத்து, `Warp` கொண்டு வளைத்து, இரண்டு பக்கத்துக் கோடுகளோடும் பொருத்துவேன். கோடு பொருந்தின பிறகுதான் மடிப்பும் நிழலும். 50 சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை `Soft Light` முறையில் வைத்து, கறுப்பாலும் வெள்ளையாலும் மெதுவாகத் தடவி மடிப்பை எழுப்பலாம். எந்த மடிப்பை எழுப்புவது என்பதுதான் கேள்வி. ஹார்னஸ் துணியை இழுக்கும்போது மடிப்புகள் எல்லாம் பட்டையை நோக்கி ஓடும், விசிறி மாதிரி. பட்டை போன பிறகு அந்த விசிறி எதையும் நோக்கி ஓடாது. அவற்றைத் தணித்து, தோளிலிருந்து தானாகத் தொங்கும் துணிக்கு வரும் மடிப்பு ஒன்றிரண்டை மட்டும் விட வேண்டும். மார்பில் படமோ எழுத்தோ அச்சிட்டு, அதன் நடுவே பட்டை போயிருந்தால் ஊகிக்க முயல மாட்டேன். அந்தச் சட்டையைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். சட்டை அழுக்குக் கூடையில் கிடந்தாலும் பரவாயில்லை.

நான் திருப்பி அனுப்பும் படங்களும் உண்டு. பட்டை விறைப்பாக இழுபட்டு, குழந்தை அதன் பிடியில் முன்னால் சாய்ந்திருக்கும் படங்கள். அங்கே குழந்தையின் பாரத்தைத் தாங்குவதே அந்தப் பட்டைதான். அதை எடுத்தால் குழந்தை கீழே விழுந்துகொண்டிருக்கும், முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். லீஷை இழுத்துக்கொண்டு முன்கால் தூக்கி நிற்கும் நாயும் அப்படியே. பிக்சலை மாற்றலாம், பாரம் எங்கே இருக்கிறது என்பதை மாற்ற முடியாது.

படம் எடுப்பவர்கள் என் வேலையில் முக்கால்வாசியை எடுக்கும்போதே குறைக்கலாம். திறந்தவெளியில் நாயை அவிழ்க்கச் சொல்ல மாட்டேன், லீஷ் காரணமில்லாமல் அங்கே இல்லை. ஆனால் பிடித்திருப்பவர் பக்கவாட்டில் நின்று, அதைக் கழுத்திலிருந்து நேராக மேலேயோ பின்னாலேயோ தளர்வாகப் பிடித்தால், அது மார்பைக் கடக்காது, பின்னணியை மட்டும் கடக்கும். மெலிந்த, சாம்பல் நிறக் கயிறாக இருந்தால் நிறமும் ஒட்டாது. நாய் எழுந்து போன பிறகு, கேமராவை அசைக்காமல், ஃபோகஸை மாற்றாமல் வெறும் இடத்தை ஒரு படம். இன்னும் ஒன்று: லீஷை மறுபக்கம் மாற்றிப் போட்டு, அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். நாய் அசைந்திருக்கும், தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும், பரவாயில்லை. அதே நாயின் அதே மார்பு முடி, அதே சூரியனில், மறைக்காமல் கிடைக்கிறது. அந்தச் சுழிக்கு நாற்பது நிமிடம் செலவழித்தேனே, அந்த இன்னொரு படம் இருந்திருந்தால் ஐந்து நிமிடம்.

முடித்த பிறகு படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பேன். பழகிப்போன கண்ணுக்கு அது புதுப் படமாகத் தெரியும், ஒட்டுகள் பளிச்சென்று மேலே வரும். அப்புறம் செங்குத்தான அலை மாதிரி வளைத்த ஒரு `Curves` லேயரைத் தற்காலிகமாக மேலே போடுவேன். நிறங்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகும், ஆனால் வெளிச்சத்தில் ஒரு சின்ன விலகல் இருந்தாலும் பட்டையாகத் தெரிந்துவிடும். நம்ம படத்தில் கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு அப்படி ஒன்று தெரிந்தது, அடித்தள லேயருக்குப் போய்ச் சரிசெய்தேன். ஒரு இரவு கிடப்பில் போட்டு, காலையில் 25 சதவீத அளவில் பார்த்தபோது ஒரே கொத்து இரண்டு இடத்தில் இருப்பது தெரிந்தது. அதையும் உடைத்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் இதே தொழிலில் இருக்கும் ஒரு நண்பரிடம் காட்டினேன். எதை எடுத்தேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கேதான் கை வைத்திருக்கிறீர்கள், முடி எல்லாம் தப்பான பக்கம் சுற்றுது" என்று விரலை வைத்தார். சுழியின் இடது பாதி. அசல் படத்தில் நான் தொடவே தொடாத இடம்.